சொல் மாறினாலும் சுவடு மாறாது

மூலநூலோடு ஒத்திருப்பதாக எச்சரிக்கை பெற்ற கட்டுரையில் சொற்களை மாற்றி மீண்டும் அளித்தால் போதும் என்பது கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதியைப் படிக்காத வாதம். மூலநூலைப் பார்க்காமல் எழுதியிருக்க முடியாது என்று ஒப்பிட்டதும் தெரியுமளவு நெருங்கிய சொல்நடையையும் அங்கு எழுத்துத்திருட்டு, அதாவது பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுதல், என்றே கொள்கின்றனர். ‘தொழிலாளர் குடிபெயர்ந்தனர்’ என்பதை ‘உழைப்பாளர் இடம்பெயர்ந்தனர்’ என்று ஆக்கியவர், மூலாசிரியரின் அதே மூன்று காரணங்களை அதே வரிசையில், அதே சான்றுகளோடு விட்டுவைத்தால், மாறியது சட்டை மட்டுமே. மூலத்தை மூடிவைத்துவிட்டு, தம் கேள்விக்கு எக்காரணம் உதவுகிறது, எது உதவவில்லை என்று தாமே தீர்மானித்து, வாதத்தைப் புதிதாகக் கட்டி, கடன் பெற்ற ஒவ்வோர் இடத்திலும் மூலத்தைச் சுட்டுவதே திருத்தம். கடைசியில் நூற்பட்டியல் ஒட்டுவது அதற்கு ஈடாகாது. முன்பு மதிப்பெண் பெற்ற தம் சொந்தக் கட்டுரையின் பகுதிகளை அறிவிக்காமல் மீண்டும் அளிப்பதும் அங்கு விதிமீறலே.