ஆடி பதினைந்தும் ஆடி பதினாறும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்)

ஆடியில் பிறந்த பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் சோதிடம் பேச வரவில்லை. ஆனால் அந்த ஆடியின் நட்டநடுவில் பள்ளி விதி ஒன்று கோடு கிழிக்கிறது. தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர, ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஆடி பதினைந்து அது.

இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்து கொள்வோம். வேலு பிறந்தது 2018 ஆகஸ்டு 1. ஒரே நாள் குறைந்ததால் 2023இல் அவனுக்கு இடமில்லை. "ஒரு நாளில் ஒரு வருஷம் போச்சே!" என்று பெற்றோர் வருந்துகிறார்கள். கண்ணன் பிறந்தது 2019 ஜூலை 31. கோட்டுக்குள் வந்துவிட்டான் என்று அவன் வீட்டில் மகிழ்ச்சி. 2024 ஜூனில் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள்.

பின்தங்கப் போவது யார்? கோட்டைத் தாண்டிப் பிறந்த வேலு என்று ஊர் நினைக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. அன்று வேலுவுக்கு 70 மாதம். கண்ணனுக்கு 58 மாதம். கண்ணன் வாழ்ந்த வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வேலு மூத்தவன். பென்சில் பிடிக்கும் விரலிலும், ஓடும் காலிலும், பேசும் சொல்லிலும் அந்த ஓராண்டு தெரியாமல் போகுமா? ஓராண்டை இழந்தவன் வகுப்பில் மூத்தவனாகிறான். ஓராண்டை மிச்சம் பிடித்தவனே திணறுகிறான்.

பன்னிரண்டாம் வகுப்பில் இதே ஓராண்டு பதினாறில் ஒரு பங்குதான். அப்படியானால் வேறுபாடு தானே கரைய வேண்டுமல்லவா? குறைகிறது, ஆனால் முழுதும் மறைவதில்லை. இங்கிலாந்தில் கோடு ஆகஸ்டு 31. அங்கு ஆகஸ்டில் பிறந்தோர், செப்டம்பரில் பிறந்தோரைவிடச் சராசரியாகப் பதினாறு வயதுத் தேர்விலும் சற்றுப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு ஒரு காரணம் நாம்தான். முதல் வகுப்பிலேயே ஒருவனைக் கெட்டிக்காரன் என்கிறோம், மற்றவனை மக்கு என்கிறோம். கேள்வியும் பாராட்டும் முன்னவனுக்கே போகின்றன. வயது தந்த முன்னிலையை வாய்ப்பு தந்து நிலைநிறுத்துகிறோம்.

விளையாட்டில் இது இன்னும் வெளிப்படை. கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கியில் வயதுக் கோடு ஜனவரி 1. 1985இல் வெளியான ஆய்வில், சிறந்த இளையோர் அணிகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தோர் கடைசி மாதங்களில் பிறந்தோரைவிடப் பன்மடங்கு இருந்தது தெரிந்தது. பிறந்த மாதத்தின் ராசி என்று சிலர் சொல்லக்கூடும். பெல்ஜியம் அதற்கு விடை தந்தது. அங்கே கால்பந்துக் கோடு 1997இல் ஆகஸ்டு 1இலிருந்து ஜனவரி 1க்கு மாறியது. உடனே இளையோர் அணிகளில் ஆகஸ்டு, செப்டம்பர்ப் பிள்ளைகள் குறைந்தார்கள். ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் பெருகினார்கள். மாதம் எதுவும் செய்யவில்லை, கோடே செய்தது. ஆகவே கோட்டை நகர்த்துவது மருந்தாகாது. இழப்பவன் மட்டும் மாறுவான்.

இது சராசரியைப் பற்றிய பேச்சு. எவனுடைய தலையெழுத்தும் அன்று. ஒரு வகுப்பில் 48 பேர் என்றால் காலாண்டுக்குப் பன்னிரண்டு பேர் வர வேண்டும். பதினைந்தும் ஒன்பதுமாக வந்தால் அது தற்செயலாகவே இருக்கலாம். நூற்றுக்கணக்கில் எண்ணினால்தான் போக்கு புலப்படும். நம் பழைய பதிவேடுகளையும் நம்ப முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையாரைப் பள்ளியில் சேர்த்தபோது, தலைக்கு மேல் கையை வளைத்து மறுகாதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டார், ஆசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். உண்மைப் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. ஆயினும் அந்தப் பழைய சோதனை பிள்ளையின் வளர்ச்சியையாவது பார்த்தது. இன்றைய விதி நாட்காட்டியை மட்டுமே பார்க்கிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நெதர்லாந்தில் இளம் கால்பந்து வீரர்களைத் தேர்ந்தெடுப்போரிடம் ஒரு சோதனை நடந்தது, 2017இல் வெளியாயிற்று. பிறந்த தேதிகளை எழுதிக் கொடுத்தும் அவர்கள் மூத்த பிள்ளைகளையே உயர்வாக மதித்தார்கள். வயது வரிசைப்படி சட்டையில் எண் அச்சிட்டு ஆடவிட்டபோது அந்தச் சார்பு மறைந்தது. தாளில் உள்ள செய்தி கண்ணில் படவில்லை. முதுகில் உள்ள எண் பட்டது.

விழுப்புரம் மாவட்டப் பள்ளிப் போட்டிகளின் அணித் தேர்வில் இதைச் செய்ய ஆகும் செலவு என்ன? சட்டையில் எப்படியும் எண் உண்டு. அதை வயது வரிசையில் கொடுத்தால் போதும். முதல் இரு வகுப்புகளின் மதிப்பெண் பதிவேட்டில், பெயருக்குப் பக்கத்தில் வயதை மாதக் கணக்கில் எழுதட்டும். 58 என்ற எண்ணைப் பார்த்த பிறகு, கண்ணனை மக்கு என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வராது.