இரண்டு எண்களை நம்பி நிற்கும் அஞ்சல் பேக்கப்

2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினர் தங்கள் பெட்டியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. எண்ணிக்கை 0.02 சதவீதம் என்று கூகுள் அறிவித்தது. கூகுள் ஒவ்வொரு அஞ்சலையும் பல தரவு மையங்களில் பல பிரதிகளாக வைத்திருந்தது. ஆனால் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த பிழை அந்தப் பிரதிகளையும் சேர்த்தே தொட்டுவிட்டது. கடைசியில் அஞ்சல்களை மீட்டுக் கொடுத்தவை, வலையோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த டேப்புகள். மூலத்தில் நடப்பதையெல்லாம் அப்படியே பின்பற்றும் பிரதி, மூலம் அழியும்போது தானும் அழியும். பேக்கப் என்று நாம் சொல்ல வேண்டியது, மூலத்தில் என்ன நடந்தாலும் தன்னிடம் ஒருமுறை வந்ததை விடாமல் வைத்திருக்கும் பிரதியைத்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கவலைக்கே இடமில்லை. 1984-இல் வந்த பாப் நெறிமுறையின் வழக்கம் எளிமையானது: சர்வருக்குப் போய் அஞ்சலை எடுத்துவருவது, எடுத்ததை அங்கிருந்து அழித்துவிடுவது. கடிதம் வாசகரின் கணினியில்தான் இருந்தது. இரண்டாவது கணினியில் உட்கார்ந்தால் அங்கே எதுவும் இருக்காது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த மார்க் கிறிஸ்பின் 1986-இல் வேறு வழியை வகுத்தார். அஞ்சல் சர்வரிலேயே தங்கட்டும். எந்தக் கணினியிலிருந்தும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஐமேப். நம் கடிதங்கள் பிறர் வீட்டில் குடியேறியது அப்போதிருந்துதான். அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தோடு ஒரு புதுக் கேள்வியும் வந்தது. சர்வரில் இருபதாயிரம் அஞ்சல் இருக்கிறது, நேற்றிரவு அத்தனையையும் பிரதி எடுத்தாயிற்று. இன்றிரவு வந்து நிற்கும் நிரல், எது புதிது என்று எப்படித் தெரிந்துகொள்ளும்?

முதலில் தோன்றும் விடை, படிக்காத அஞ்சலை மட்டும் எடுப்பது. காலையில் கைபேசியில் படித்துவிட்ட கடிதம் இரவு பேக்கப்பில் ஏறாது. இதைச் சொன்னாலே யாருக்கும் புரியும். இருந்தும் இந்த முறையில் எழுதிய ஸ்கிரிப்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்தது தேதி. ஐமேப்பின் SINCE தேடல் நாளை மட்டும் பார்க்கும், மணியைப் பார்க்காது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் பழைய அலுவலகப் பெட்டியிலிருந்து 2009-ஆம் ஆண்டின் கடிதங்களை இன்று இழுத்து வந்து ஃபோல்டரில் போட்டால், அவை பெரும்பாலும் 2009 தேதியோடுதான் வந்து உட்காரும். நேற்றுக்குப் பின் வந்ததைக் கேட்கும் நிரலின் கண்ணில் அவை படவே படா. அஞ்சலின் தலைப்பிலுள்ள Message-ID-யை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள். அதை எழுதுவது அனுப்பியவரின் மென்பொருள். சில அஞ்சல்களில் அது இருக்காது. சிலவற்றில் ஒரே அடையாளம் இரண்டு பிரதிகளில் இருக்கும். பிறர் இட்ட பெயரை நம்பி நம் கணக்கை நடத்த முடியாது.

சரியான விடை 1994 டிசம்பரில் வெளியான ஐமேப்4 ஆவணத்தில் (ஆர்.எஃப்.சி. 1730) இடம்பெற்றது. சர்வரே ஒவ்வொரு அஞ்சலுக்கும் ஒரு எண் கொடுக்கிறது. அதன் பெயர் UID. ஒரு ஃபோல்டருக்குள் அது ஏறுமுகமாகவே போகும். அழித்த அஞ்சலின் எண் இன்னொன்றுக்குக் கிடைக்காது. பெட்டிக்குள் முதலாவது, இரண்டாவது என்று எண்ணும் வரிசை எண் வேறு. நடுவில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னுள்ளவையெல்லாம் ஒரு படி இறங்கிவிடும். UID இறங்காது. ஆனால் நெறிமுறையை வகுத்தவர்கள் இன்னொன்றையும் யோசித்தார்கள். ஃபோல்டரையே அழித்து அதே பெயரில் புதிதாக உண்டாக்கினால்? சர்வர் பழுதாகி எண்களெல்லாம் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினால்? அதற்காக ஃபோல்டருக்கும் ஒரு எண் வைத்தார்கள்: UIDVALIDITY. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண் 1542 என்று மட்டும் சொன்னால் பத்திரம் கிடைக்காது. 1542/2013 என்று ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுக்கு இணையானது UIDVALIDITY. ஃபோல்டரின் பெயர், UIDVALIDITY, UID ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது என்றைக்கும் ஒரே ஓர் அஞ்சலைத்தான் குறிக்க வேண்டும் என்பது சர்வர் தரும் வாக்கு.

இரவில் ஓடும் பேக்கப் உண்மையில் செய்யும் பேச்சு இவ்வளவுதான்:

```
a1 EXAMINE INBOX
* 18342 EXISTS
* OK [UIDVALIDITY 1385856412]
* OK [UIDNEXT 24107]
a1 OK [READ-ONLY] done
a2 UID SEARCH ALL
a3 UID FETCH 24098:24106 (FLAGS INTERNALDATE BODY.PEEK[])
```

EXAMINE என்பது பெட்டியைப் படிக்க மட்டும் திறப்பது. SELECT என்று திறந்து BODY[] என்று கேட்டால் ஒவ்வொரு அஞ்சலும் படித்ததாகக் குறிக்கப்படும். காலையில் எழுந்து பார்ப்பவருக்குப் புது அஞ்சல் எது என்றே தெரியாது. PEEK அந்தக் குறியைத் தொடாமல் எடுக்கிறது. இங்கே பெட்டியில் 18,342 அஞ்சல்கள் இருக்கின்றன, அடுத்து வரப்போகும் எண் 24107. நடுவில் அழிந்துபோனவற்றால் வந்த வித்தியாசம் அது. இரண்டாவது கட்டளை எண்களை மட்டும் கேட்கிறது. பதினெட்டாயிரம் எண்கள் ஏறக்குறைய நூறு கிலோபைட்தான். கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாத ஒன்பதை மட்டும் மூன்றாவது கட்டளை எடுக்கிறது.

முழுப் பட்டியலையும் கேட்காமல், கடைசியாக எடுத்த எண்ணை மட்டும் நினைவில் வைத்து 24107:* என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. நட்சத்திரக் குறி என்றால் பெட்டியிலுள்ள மிகப் பெரிய எண். புதிதாக எதுவும் வராத நாளில் அது 24106. 24107-லிருந்து 24106 வரை என்ற வீச்சைச் சர்வர் திருப்பிப் போட்டுப் படித்து, ஏற்கெனவே எடுத்த 24106-ஐயே மறுபடி கொடுக்கும். சர்வர் செய்வது சரி. நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. தினமும் ஒரே அஞ்சல் பேக்கப்பில் சேர்ந்துகொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். வந்த எண் நம் கணக்கில் உள்ளதா என்று பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

இதைவிடக் கெட்டது சத்தமில்லாமல் நடப்பது. மேலே உள்ள அதே பெட்டியை நிறுவனம் 2024 மார்ச் 1 அன்று வேறு சர்வருக்கு மாற்றியது என்று வைத்துக்கொள்வோம். புதுச் சர்வர் அஞ்சல்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டது; 18,342 அஞ்சலும் 18,342 வரை எண் பெற்றன. பேக்கப் நிரல் கடைசி எண் 24106 என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கிறது, UIDVALIDITY-யைப் பார்ப்பதில்லை. அன்றிரவு 24106-க்கு மேல் ஏதாவது உண்டா என்று கேட்கிறது. இல்லை. மறுநாளும் இல்லை. பிழைச் செய்தி வராது, டவுன்லோட் நடக்காது, பதிவேட்டில் ஒவ்வொரு இரவும் வெற்றி என்றே எழுதப்படும். நாளுக்கு ஐம்பது அஞ்சல் வரும் பெட்டியில் ஏறத்தாழ 115 நாள் கழித்துத்தான் எண் மறுபடி 24106-ஐத் தாண்டும். அதற்குள் வந்த 5,764 அஞ்சல்கள் பேக்கப்பில் இல்லை. பின்னர் பேக்கப் தானாகவே வேலை செய்யத் தொடங்கும் என்பதால் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படாமலே போகும்.

அந்த இரவு சர்வர் சொன்னதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். UIDVALIDITY 1385856412-லிருந்து 1709255873 ஆகியிருந்தது. பல சர்வர்கள் ஃபோல்டர் உருவான நேரத்தை விநாடிக் கணக்கில் இந்த எண்ணாக வைக்கின்றன. முதலாவது 2013 டிசம்பர் 1, இரண்டாவது 2024 மார்ச் 1. எண் மாறினால் பழைய UID எல்லாம் செல்லாது. அதற்கு விலக்கு கிடையாது. அப்போது முழுப் பெட்டியையும் புது இடத்தில் மறுபடி இறக்குவதே நேர்மையான வழி. சிக்கனம் வேண்டுமென்றால், தலைப்புகளையும் அளவையும் மட்டும் கேட்டுப் பழைய பிரதியோடு பொருத்தி, பொருந்தாததை மட்டும் இறக்கலாம். Message-ID உதவுவது இங்கேதான்.

UID-க்கும் எல்லை உண்டு. ஓர் அஞ்சலை இன்பாக்ஸிலிருந்து வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் அங்கே அதற்குப் புது எண், ஆகவே மறுபடி இறங்கும். ஜிமெயிலில் இது அதிகம் தெரியும். அங்கே ஃபோல்டராகக் காண்பவை லேபிள்கள். மூன்று லேபிள் ஒட்டிய கடிதம் மூன்று இடத்தில் தெரியும். இதற்காகவே ஜிமெயில் X-GM-MSGID என்ற தனி அடையாளத்தைத் தருகிறது. 2018-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8474, நகர்த்தினாலும் மாறாத EMAILID-யைப் பொதுவாக வகுத்தது. எல்லாச் சர்வர்களிலும் அது இல்லை. ஐமேப் வழியே ஒரு நாளில் 2,500 மெகாபைட்டுக்கு மேல் இறக்க ஜிமெயில் விடுவதில்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 15 ஜிகாபைட் பெட்டியின் முதல் பிரதிக்கே குறைந்தது ஆறு நாள். இறக்கியதையே இறக்கும் நிரல் ஒருபோதும் கரையேறாது.

முதல் ஓட்டம் நடுவில் அறுந்தால் என்ன ஆகிறது என்பதில்தான் நல்ல நிரலின் தரம் தெரிகிறது. அஞ்சலை முழுதாக வட்டில் எழுதி முடித்த பிறகே அதன் எண்ணைக் கணக்கில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால், மின்சாரம் போன அந்த ஒரு நொடியில் இருந்த அஞ்சல் என்றைக்கும் வராது. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயிலுக்காக வகுத்த மெயில்டிர் அமைப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு, tmp-இல் எழுதி முடித்து new-க்கு நகர்த்துவது. பாதி எழுதிய கோப்பு ஒருபோதும் அஞ்சலாக எண்ணப்படாது.

இவற்றையெல்லாம் நாமே எழுத வேண்டியதில்லை. mbsync இந்தக் கணக்கை அஞ்சல் அஞ்சலாக வைத்துக்கொள்கிறது. UIDVALIDITY மாறி, அதே அஞ்சல்கள்தான் என்று உறுதிசெய்ய முடியாவிட்டால், அந்தப் பெட்டியைத் தொடாமல் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. சர்வர் விவரங்களையும் வட்டின் இடத்தையும் சொன்ன பிறகு, இரண்டையும் இணைக்கும் பகுதி இப்படி இருக்கலாம்:

```
Channel backup
Far :server:
Near :disk:
Patterns *
Create Near
Sync PullNew
Expunge None
SyncState *
```

இதில் உயிர்நாடி PullNew. புதியதை மட்டும் கீழே கொண்டுவா என்பது அதன் பொருள். பலரும் எழுதுவதுபோல் Sync All என்று போட்டு அழிப்பையும் பின்பற்றச் சொன்னால், சர்வரில் யாரோ காலி செய்த பெட்டி அன்றிரவே நம் வட்டிலும் காலியாகும். 2011-இல் டேப்புகள் மட்டும் தப்பிய அதே காரணம்தான்.

கிரானில் இரவு இரண்டு மணிக்கு இதை வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். நிரல் பிழை சொல்லி நின்றால் அது ஒரு மனிதரின் கண்ணில் பட வேண்டும். அதுவும் பேக்கப் எடுக்கும் அதே பெட்டிக்கு அஞ்சலாக அல்லாமல் வேறு வழியில். மாதம் ஒருமுறை சர்வரிலுள்ள UID பட்டியலை வாங்கி, அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் உங்கள் வட்டில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டில் கூடுதலாக இருக்கலாம், ஓர் எண்கூடக் குறையக் கூடாது. குறைந்தால் அன்றைக்கே காரணம் தேடுங்கள்.