கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே

பாச்சாங்கில் இரண்டு மாடித் தாமான் வீடு வாங்கிச் சாவி கைக்கு வந்ததும், நம்மில் பலர் முதலில் பேசுவது சமையலறையையும் வாசல் கிரில்லையும் பற்றித்தான். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அளவு டேப்பை முதலில் வைக்க வேண்டிய இடம் மாடிப்படிக் கம்பி.

குழந்தை தலையை விட்டு மாட்டிக்கொள்ளும் என்றுதான் பயப்படுகிறோம். கால் முதலில் நுழைவது அதைவிட மோசம். இடுப்பும் மார்பும் நழுவிப் போய்விடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும், உடல் தொங்கும். இதனால்தான் சிறு பிள்ளைகள் இருக்கக்கூடிய வீட்டில் 100 மில்லிமீட்டர் உருண்டை எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்கிறது பிரிட்டனின் கட்டட விதி.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாடி முகப்பில் இரண்டு தூண்களுக்கு நடுவே 1,200 மில்லிமீட்டர். அதில் 12 மில்லிமீட்டர் தடிமனில் 8 கம்பிகள் என்றால், இடைவெளிகள் 9. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 123. கூட ஒரு கம்பி போட்டாலும் 109தான். 10 கம்பிகள் போட்டால்தான் 98க்கு இறங்கும். ஆகவே வெல்டிங்காரரிடம் "நாலு அங்குலத்துக்கு ஒன்று" என்று சொல்லாதீர்கள். கம்பியின் உள்விளிம்பிலிருந்து அடுத்த உள்விளிம்பு வரை 100க்குள் என்று எழுதிக் கொடுங்கள். பழைய கம்பியாக இருந்தால், 100 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்துண்டு ஒன்றை வெட்டி எல்லா இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள். படிக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தையும் விட்டுவிடாதீர்கள். படுக்கைவாட்டுக் கம்பி பார்க்க அழகுதான். பிள்ளைக்கு அது ஏணி.

உயரத்துக்கு நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டத்தில் அளவு உண்டு. கைப்பிடி, படியின் முன்விளிம்பிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். படிமேடையில் 900க்குக் குறையக் கூடாது. பழைய டைல்மேல் புது டைல் ஒட்டினால் அந்த 900இல் இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். டைல் வேலை முடிந்த பிறகு அளப்பதுதான் சரி.

இதெல்லாம் சரியாக இருந்தும் தூண் ஆடினால் பயனில்லை. 900 உயரத்தில் ஒருவர் 50 கிலோ அழுத்தத்தில் சாய்கிறார் என்று வையுங்கள். அடித்தகட்டின் ஓரத்திலிருந்து போல்ட்டுகள் 75 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், நெம்புகோல் கணக்கில் இழுவிசை 12 மடங்கு, அதாவது 600 கிலோ. இரண்டு போல்ட் பகிர்ந்தாலும் ஆளுக்கு 300. டைலுக்கும் அதன் கீழுள்ள சிமெண்டுப் பூச்சுக்கும் மட்டும் பிளாஸ்டிக் பிளக் அடித்து முடுக்கிய திருகு இதைத் தாங்காது. கைப்பிடியை வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ளி, வேறொருவரைத் தகட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். தகட்டின் ஓரம் தூக்கினாலோ, டைலில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, திருகை இன்னும் இறுக்குவது வீண் வேலை. தகட்டைக் கழற்றி, கான்கிரீட் வரை புதிதாகத் துளையிட்டு, உள்ளே இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட்டு, ரசாயனப் பசை ஊற்றும் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். பசை காயும் வரை அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.