பத்துக்குக் கால்

வாகரைக்கு மாற்றலாகி வந்த சிங்களத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பின்னேரங்களில் என்னிடம் தமிழ் பழகுகிறார். 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது சுற்றறிக்கை. அவர் அதற்காக மட்டும் வரவில்லை. போன மாதம் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் வெயிலில் அரைமணி நேரம் காய்ந்தவர் அவர்.

கூட வேலைசெய்யும் மிஸ்ஸிடம் அங்கே சந்திக்க "பத்துக்குக் கால்" என்று நேரம் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் ஒன்பதே முக்காலை "தஹயட காலய்" என்பார்கள், பத்துக்கு இன்னும் கால் இருக்கிறது என்ற கணக்கு. அதை அப்படியே தமிழாக்கினார். மிஸ்ஸின் காதில் அது பத்தேகாலாக விழுந்தது. இரண்டு பேரும் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தார்கள்!

அரையில் இந்தச் சிக்கல் இல்லை. பத்தரை என்றாலும் "தஹய ஹமார" என்றாலும் பத்தோடு அரையைக் கூட்டுவதுதான். அதனால் முதல் பாடத்தில் காலையும் முக்காலையும் அவர் காதால் கேட்டால் போதும், வாயால் சொல்லுவது அரை மட்டும் என்று வைத்தேன். பாடத்துக்கு நான் எழுதிக்கொடுத்த உரையாடல் இது:

"மிஸ், புதன்கிழமை காலமை கூட்டம் வைப்பமா?"

"புதன் ஏலாது போல இருக்கு சேர். மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போக இருக்கு. குறை நினைக்காதீங்க. வியாழன் சரிவருமா?"

"வியாழன் சரி. எத்தனை மணிக்கு?"

"ஒன்பதே முக்காலுக்கு வரட்டா?"

"கொஞ்சம் பிந்தி வைப்பமா? பத்தரைக்கு?"

"ஓம் சேர், பத்தரை."

வாசித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏலாது" என்றாலே போதுமே, "போல இருக்கு" எதற்கு? கச்சேரிக்குப் போவது நிச்சயம், 60 கிலோமீற்றருக்கு மேல் பயணம், அன்றைக்கு அவ வரவே மாட்டா. அதில் "போல" ஒன்றுமில்லை. ஆனால் வெறும் "ஏலாது" கதவைச் சாத்திவிடும். "போல இருக்கு" என்றால் அடுத்த நாளைக் கேட்க இடம் கிடைக்கும். மறுப்பதோடு நிறுத்தாமல் வியாழனையும் அவவே எடுத்துக் கொடுக்கிறா, பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நான்தான் தடுமாறினேன். புதன்கிழமை ஒரு நாள் என்றால் "வாற கிழமை" எந்த நாள்? எங்கள் பேச்சில் தனியே வரும் கிழமை ஒரு வாரம். நாளின் பேரோடு ஒட்டினால்தான் அது நாள். திங்கட்கிழமை நின்று "வாற கிழமை சந்திப்பம்" என்றால் குறைந்தது ஏழு நாள் பொறுக்கவேண்டும். "வாற வியாழன்" என்றால் மூன்று நாள்தான். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வியாழன் பத்தரைக்குக் கூட்டம் நடந்ததாம். முதல்நாளே திகதியையும் 10.30 என்று இலக்கத்தில் மணியையும் எழுதி மிஸ்ஸின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். பாலத்தடி வெயில் இன்னும் மறக்கவில்லை.