17 வயசுல வீட்டைவிட்டு துரத்தினா... அந்த ராத்திரி எங்கே போறது?

பிளஸ் டூ படிக்கும் 17 வயது திருநங்கை ஒருவர், ஊர் திருப்பூர் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்ததும், 'இனி இந்த வாசப்படி மிதிக்காதே' என்று சொல்லிவிட்டார் அப்பா.

முதலில் தோன்றுவது தோழியின் வீடு. தப்பில்லை. ஆனால், 18 முடியும்வரை சட்டப்படி அவர் குழந்தைதான். துரத்திவிட்ட அதே அப்பா மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் 'பிள்ளையைக் கடத்திட்டாங்க'ன்னு புகார் கொடுத்தால், இடம் கொடுத்த தோழியின் அம்மா மாட்டிக்கொள்வார். அதனால், அன்றிரவே 1098-க்கு போன் போட்டு, பிள்ளை தன் வீட்டில் இருப்பதையும் காரணத்தையும் அவர் சொல்லிவிட வேண்டும். இப்படி வந்து சேரும் பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தரச் சொல்கிறது சிறார் நீதிச் சட்டம்.

அடுத்து, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. இங்கேதான் கவனம் தேவை. பெற்றோரைக் கூப்பிட்டு சமாதானம் பேசி அனுப்பிவைக்கத்தான் முதலில் பார்ப்பார்கள். அடித்தது, அறையில் பூட்டியது, 'மாத்திடலாம்'னு சாமியாரிடம் கூட்டிப்போனது என எல்லாவற்றையும் தேதியோடு சொன்னால்தான் எடுபடும். காப்பகம் என்று முடிவானால், அவை ஆண், பெண் என்றே பிரிந்திருக்கும். ஆவணத்தில் 'ஆண்' என்றிருந்தால், பையன்களின் விடுதிக்கே அனுப்பிவிடும் ஆபத்து இருக்கு. அதைவிட, தோழியின் அம்மாவையோ சித்தியையோ 'தகுதியான நபர்' என அங்கீகரித்து அவரிடம் ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். திருநர்களுக்கான மத்திய அரசின் 'கரிமா கிரே' இல்லங்கள் 18 வயதானவர்களுக்குத்தான்.

பணம்? ஜிபே இருக்கேன்னு தைரியமாக இருக்க வேண்டாம். 18 வயதுக்குள் இருப்பவரின் சிம் பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். அவர் அதை பிளாக் செய்தால் யுபிஐ போச்சு, ஓடிபி-யும் வராது. ஆதாரில் இருப்பதும் அவர் நம்பர் என்றால், ஆன்லைனில் ஆதாரைத் தரவிறக்கக்கூட முடியாது. வீட்டில் புகைச்சல் தொடங்கும்போதே, பஸ் செலவுக்கும் சில நாள் சாப்பாட்டுக்கும் ரொக்கம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் நகல் ஆகியவற்றைத் தோழி வீட்டில் வைத்துவிடலாம். வயதை நிரூபிப்பதும் அந்த மார்க் ஷீட்தான்.

நம்பகமானவர் என்றால் அன்பானவர் என்று மட்டும் அர்த்தமில்லை. அழுதபடி அம்மா போன் செய்தால் இருக்குமிடத்தைச் சொல்லிவிடும் அத்தை, பாசக்காரராக இருந்தாலும் இதற்கு ஆகமாட்டார். உள்ளூரில் ஒருவர், வெளியூரில் ஒருவர் போதும். இருவர் நம்பரையும் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள், போன் பிடுங்கப்படலாம். கூகுள் கணக்கு அப்பாவின் போனிலும் லாகின் ஆகியிருந்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். கிளம்புமுன் லொகேஷனை அணைத்து, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.