பெட்டி மறைத்ததும் பிடில் காட்டியதும்

ஆய்வேடு எழுதும் நம் மன்றத்து அன்பர்களில் பலர் பெட்டிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைகின்றனர். அது எல்லாத் தரவுக்கும் பொருந்தாது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு பெயித்புல் என்றொரு வெந்நீர் ஊற்று உண்டு. அதன் 272 பீச்சல்கள் எத்தனை நிமிடம் நீடித்தன என்ற பதிவு, ஆர் மென்பொருளில் `faithful` என்ற பெயரில் கிடைக்கின்றது. பெட்டிப் படம் அதிலிருந்து ஐந்தே எண்களை எடுத்துக்கொள்கின்றது: சிறுமம் 1.6, கீழ்க் கால்மானம் 2.16, இடைநிலை 4.0, மேல் கால்மானம் 4.45, பெருமம் 5.1. இதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? மூன்று, மூன்றரை நிமிடப் பீச்சல்கள் ஏராளம் என்றுதானே! சராசரியும் 3.49 என்று ஒத்து ஊதுகின்றது. உண்மையோ வேறு. சிறு பீச்சல்கள் 2 நிமிடத்தையும், பெரும் பீச்சல்கள் நாலேகாலையும் சுற்றித் திரண்டுள்ளன. மூன்று நிமிடத்தருகே ஏறக்குறைய வெறுமை. அந்த வெறுமையின் மீதுதான் பெட்டி உட்கார்ந்திருக்கின்றது.

பெட்டியும் ஒரு சாடை காட்டாமல் இல்லை. பெட்டியின் நீளம் 2.29, மீசைகள் 0.56, 0.65 மட்டுமே. தரவு சீராகப் பரவியிருந்தால்கூட ஒவ்வொரு மீசையும் பெட்டியில் பாதி இருக்க வேண்டும். நீண்ட பெட்டிக்குக் குட்டை மீசை இருந்தால் ஐயப்படுங்கள். ஆனால் அது ஐயம்தான், சான்றன்று.

1998-இல் ஹின்ட்சே, நெல்சன் இருவரும் அறிமுகப்படுத்திய வயலின் படம் (பிடில் என்றால்தான் நம் ஊர்க் காதுக்கு இனிக்கும்!) அடர்த்தியை அகலமாக வரைகின்றது. இதே தரவுக்கு இரண்டு புடைப்பும் இடையில் ஒரு சிறுத்த இடுப்பும் தெரியும். பீச்சலில் இருவகை உண்டு என்பது வெறும் அழகுச் செய்தியன்று. சிறு பீச்சலுக்குப் பின் அடுத்தது விரைவில் வருகின்றது, பெரும் பீச்சலுக்குப் பின் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பெட்டியோடு நின்றவர் இந்த வினாவை எழுப்பியே இருக்கமாட்டார்.

ஆயினும் பிடிலைத் தெய்வமாக்கவும் நான் ஒப்பமாட்டேன். ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு அகலத்துக்குப் பூசுகின்றோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கின்றது. ஆர் தானே தேர்ந்தெடுக்கும் அகலம் இத்தரவுக்கு 0.33 நிமிடம், இரு முகடும் தெளிவு. அதையே ஒன்றரை நிமிடமாக்கினால் இடுப்பு மறைந்து ஒரே தொப்பை! மிகக் குறைத்தாலோ இல்லாத முகடுகள் முளைக்கும். வாலை வெட்டாவிட்டால், ஒரு பீச்சலும் நிகழாத 1.6 நிமிடத்துக்குக் கீழும் படம் நீளும்.

ஆகவே அகலத்தை எழுதிக் காட்டுங்கள். அதைப் பாதியாக்கியும் இரட்டித்தும் முகடு நிற்கின்றதா என்று பாருங்கள். பிடிலின் மேலேயே புள்ளிகளையும் இடுங்கள். பத்துப் பன்னிரண்டு அளவுகளே கையிலிருந்தால், பெட்டியும் வேண்டாம், பிடிலும் வேண்டாம், புள்ளிகளே போதும்.