ஒரு பாடவேளைக்கு நூறு ரூபாய்: மாதச் சம்பளம் எவ்வளவு?

தோழர்களே, பி.எட். முடித்த நம் தங்கை ஒருவர் ஒரு தனியார் பள்ளியில், பிரசவ விடுப்பில் போன கணக்கு ஆசிரியருக்குப் பதிலாகச் சேர்ந்தார். பாடவேளைக்கு ரூ.100, வாரம் 24 பாடவேளை. "நாலு வாரத்துக்குக் கணக்குப் போடும்மா, மாதம் ரூ.9,600 வரும்" என்றார் தாளாளர். அது ஜனவரி மாதம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அடுத்து பொங்கல், குடியரசு தினம், நடுவில் விளையாட்டு விழா. அவர் எடுத்தது 61 பாடவேளை. கையில் வந்தது ரூ.6,100.

ஏமாற்று எங்கே இருக்கிறது? 'மாதம் என்றால் நாலு வாரம்' என்பதில்தான். ஆண்டுக்கு 52 வாரம்; அதை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு நாலே கால் வாரத்துக்கும் மேல். விடுமுறைக்கும் சம்பளம் உண்டென்றால் 24 × 52 × 100 ÷ 12, அதாவது ரூ.10,400 தர வேண்டும். எடுத்த வகுப்புக்கு மட்டும்தான் என்றால், 220 வேலைநாள் 44 வாரம், சராசரி ரூ.8,800. தாளாளர் சொன்ன ரூ.9,600 இரண்டுமே இல்லை. வேலைக்குச் சேர்க்க ஒரு கணக்கு, சம்பளம் கொடுக்க வேறு கணக்கு.

அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்றும் நாம் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.36,400. வாரம் 28 பாடவேளை என்று வைத்தால் மாதத்துக்குச் சுமார் 121. பாடவேளைக்கு ரூ.300 வருகிறது, அகவிலைப்படி சேர்க்காமலே. அந்த ஊதியத்துக்குள் நோட்டுத் திருத்துவது, தேர்வு அறையில் நிற்பது, விடுமுறை எல்லாம் அடக்கம். நம் தங்கையும் நோட்டுத் திருத்தினார், காலையிலிருந்து மாலை வரை பள்ளியிலேயே இருந்தார். மணி அடித்து மணி அடிக்கும் வரை மட்டும்தான் அவருக்குக் கூலி.

தற்காலிகப் பணியாளர் நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்தால், அந்தப் பணிக்கான குறைந்தபட்ச ஊதிய விகிதம் தர வேண்டும் என்று பஞ்சாப் அரசு - ஜக்ஜித் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசுப் பணியாளர்கள் தொடுத்த வழக்கு. தனியார் பள்ளியில் அதை அப்படியே காட்டி வாங்கிவிட முடியாது. அதனால் சேரும் முன்பே பேச வேண்டியிருக்கிறது.

மூன்றை எழுத்தில் கேளுங்கள். விடுமுறை நாளுக்குச் சம்பளம் உண்டா? பள்ளியே ரத்து செய்த வகுப்புக்கு உண்டா? மாதத் தொகையை எந்தக் கணக்கில் போட்டார்கள்? எழுதித் தர மறுத்தால், அவர்கள் சொல்லும் மாதத் தொகையை நம்பிப் போகாதீர்கள். சேர்ந்துவிட்டால் தேதி, வகுப்பு, பாடவேளை மூன்றையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தங்கையிடம் அப்படி ஒரு நோட்டு இருந்ததால்தான், முதலில் 54 பாடவேளை என்று எழுதிய அலுவலகம் 61க்குக் கொடுத்தது.